ஒரு சென்ட் ஸ்லாட் மெஷின் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு பிடிக்கும்?

கேள்வி: மெல்பர்ன்ல வீட்டுப் பக்கத்து கிளப்ல ஒரு சென்ட் சூதாட்ட மெஷின்லதான் ஆடுறேன். ஆடுறவங்களுக்குத் திரும்பக் கொடுக்கிற பங்கு, அதான் ஆர்.டி.பி, 90%னு ஸ்கிரீன்லயே காட்டுது. அப்படின்னா 100 டாலர் கொண்டுபோனா 10 டாலர்தானே போகணும்? ஒன்றரை மணி நேரத்துல மொத்தமும் காலியாகுது. மெஷின்ல ஏதாவது தில்லுமுல்லா, இல்ல கணக்கை நான்தான் தப்பா புரிஞ்சிருக்கேனா?

பதில்:

தில்லுமுல்லுக்கு அங்கே வேலையே இல்லை. மெஷின் திரையில் சொன்னதைத்தான் செய்கிறது. அந்த 10 சதவீதத்தை நீங்கள் கொண்டுபோன 100 டாலருக்கு என்று எடுத்துக்கொண்டதில்தான் கணக்கு தவறுகிறது. பொத்தானை அமுக்கும் ஒவ்வொரு தடவையும் வைக்கிற பந்தயத்தில்தான் அந்த 10 சதவீதம் பிடிக்கப்படுகிறது. திரும்பி வந்த காசை மறுபடி பந்தயமாக வைத்தால் அதிலும் 10 சதவீதம். அதில் மிஞ்சியதை வைத்தால் அதிலும் 10 சதவீதம்.

உங்கள் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு சென்ட் மெஷின் என்கிறீர்கள். ஆனால் ஒரு சென்டுக்கு யாரும் ஆடுவதில்லை. பரிசு விழக்கூடிய ஒவ்வொரு வரிசைக்கும் லைன் என்று பெயர். 50 லைன், லைனுக்கு 2 கிரெடிட் என்று வைத்தால் ஒரு அமுக்கலுக்கு 100 கிரெடிட், அதாவது முழுசாக 1 டாலர். மெஷினின் நெற்றியில் எழுதியிருக்கும் ஒரு சென்ட், ஒரு கிரெடிட்டின் விலை மட்டும்தான். உங்கள் பந்தயம் எவ்வளவு என்பது திரையின் கீழ் மூலையில் ‘பெட்’ என்று போட்டிருக்கும் இடத்தில் இருக்கிறது. கணக்குக்கு அதைத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது வேகம். நிதானமாக ஆடுகிறவர்கூட சராசரியாக ஆறு விநாடிக்கு ஒருமுறை அமுக்கிவிடுவார். சக்கரம் சுற்றும் நேரம், ஜெயித்த கிரெடிட் டிக் டிக்கென்று ஏறும் நேரம், நடுவில் வரும் ஃப்ரீ ஸ்பின், ஒரு வாய் பானம் எல்லாம் அதில் அடக்கம். நிமிடத்துக்கு 10, மணிக்கு 600. அமுக்கலுக்கு 1 டாலர் என்றால் ஒரு மணி நேரத்தில் நீங்கள் வைக்கும் மொத்தப் பந்தயம் 600 டாலர். தொழிலில் இதற்கு டர்ன்ஓவர் என்று பெயர். அதில் 10 சதவீதப் பிடித்தம் 60 டாலர். விஷயம் இவ்வளவுதான்: மணிக்கு எத்தனை அமுக்கல், ஒரு அமுக்கலுக்கு எவ்வளவு, அதில் எத்தனை சதவீதம் பிடித்தம். மூன்றையும் பெருக்கினால் ஒரு மணி நேர ஆட்டத்தின் விலை.

‘என்கிட்ட 100 டாலர்தானே இருந்தது, 600 டாலரை எங்கிருந்து வைத்தேன்?’ என்று கேட்பீர்கள். முதல் 100 அமுக்கலில் உங்கள் 100 டாலரும் ஒருமுறை பந்தயமாகிவிடும். சராசரியாக 90 டாலர் திரும்பி வரும், பத்து நிமிடம் போயிருக்கும். அந்த 90 டாலரும் மறுபடி உள்ளே போய் 81 ஆக வரும். அது 73 ஆகும். இப்படி ஏழு சுற்று போனால் கையில் பாதிக்கும் குறைவாக, 48 டாலர்தான் நிற்கும். அதற்குள் 520 டாலருக்கு மேல் பந்தயம் கட்டியிருப்பீர்கள், 52 நிமிடமும் ஆகியிருக்கும். கடைசிக் காசு வரை ஆடினால் 100 டாலர் மொத்தம் 1,000 டாலர் டர்ன்ஓவராக மாறும். 100-ஐ 10 சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள். 1,000 அமுக்கல், மணிக்கு 600 வீதம் 1 மணி 40 நிமிடம். நீங்கள் சொல்கிற ஒன்றரை மணி நேரம் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இந்த மூன்று எண்ணில் உங்கள் கையில் இருப்பவை இரண்டு: பந்தயமும் வேகமும். பிடித்தம் மெஷினுக்குள் இருக்கிறது. ஆனால் ஆடுகிறவர்கள் பேசுவதெல்லாம் மூன்றாவதைப் பற்றித்தான். எந்த மெஷின் ‘நல்லா கொடுக்குது’, எது ‘டைட்டா இருக்கு’ என்ற பேச்சு ஓயாது. நான் தலைகீழாகத்தான் பார்ப்பேன்.

பந்தயத்தை முதலில் பார்க்கலாம், ஏனென்றால் அதுதான் சத்தமில்லாமல் ஏறும். ஒருவர் முதல் 40 நிமிடம் 1 டாலருக்கு ஆடுகிறார். 400 அமுக்கல், 400 டாலர் டர்ன்ஓவர், சராசரி நஷ்டம் 40. ‘விட்டதைப் பிடிக்கணும்’ என்று அடுத்த 20 நிமிடத்துக்குப் பந்தயத்தை இரண்டரை டாலராக்குகிறார். 200 அமுக்கல்தான், ஆனால் டர்ன்ஓவர் 500, நஷ்டம் 50. கடைசி 20 நிமிடம் அதற்கு முந்தைய 40 நிமிடத்தைவிட அதிகமாகத் தின்றுவிட்டது. வீட்டுக்குப் போனதும் ‘பெரும்பாலும் 1 டாலருக்குத்தான் ஆடினேன்’ என்று நேர்மையாகவே சொல்வார். நேரத்தைக் கணக்கிட்டால் அது உண்மைதான், காசைக் கணக்கிட்டால் இல்லை. எதிர்ப்பக்கமும் இதே கணக்குதான். லைனுக்கு ஒரு கிரெடிட்டாகக் குறைத்து 50 சென்டுக்கு ஆடினால் 60 டாலர் 30 ஆகிவிடும். அதற்கு எந்த அதிர்ஷ்டமும் தேவையில்லை.

வேகத்துக்கு வருவோம். சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரத்தைப் பொத்தானை மறுபடி தட்டி நிறுத்துகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ‘சரியான நேரத்தில் நிறுத்தினால் விழும்’ என்று ஒரு நம்பிக்கை. முதல்முறை பொத்தானை அமுக்கியபோதே ரேண்டம் நம்பர் ஜெனரேட்டர் முடிவை எடுத்தாயிற்று. அதன்பின் சுற்றுவது எல்லாம் அந்த முடிவைக் காட்டும் படம். நடுவில் தட்டி நிறுத்துவதால் மாறுவது ஒன்றே ஒன்று: அடுத்த பந்தயம் சீக்கிரம் வருகிறது. அப்படித் தட்டித் தட்டி நான்கு விநாடிக்கு ஒன்றாக ஆடினால் மணிக்கு 900 அமுக்கல், அதே 1 டாலருக்கு விலை 60-இலிருந்து 90 ஆகிறது. உங்கள் 100 டாலர் 1 மணி 7 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

ஃப்ரீ ஸ்பின் வந்தால் நேர் எதிர். அது ஓடும் ஒன்றிரண்டு நிமிடம் நீங்கள் பந்தயம் வைப்பதில்லை, அதனால் வேகம் குறைகிறது. ஆனால் அதில் விழும் காசு கூடுதல் சலுகை இல்லை. திரையில் காட்டும் அந்த 90 சதவீதத்துக்குள் அதுவும் அடக்கம்.

இப்போது பிடித்தம். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் சட்டப்படி மெஷின்கள் சராசரியாகக் குறைந்தது 87 சதவீதம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதாவது பிடித்தம் அதிகபட்சம் 13 சதவீதம். 87-க்கும் 92-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். திருப்பிக் கொடுப்பதைப் பார்க்காதீர்கள், பிடிப்பதைப் பாருங்கள். 13 எங்கே, 8 எங்கே. உங்கள் 600 டாலர் டர்ன்ஓவரில் ஒன்று 78 டாலர், மற்றது 48. கிட்டத்தட்ட 40 சதவீதம் மலிவு. ஆர்.டி.பி என்று மேல்பக்கத்திலிருந்து சொல்வதால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இன்னொன்றும் உண்டு. சில்லறை மெஷின் என்றால் பிடித்தமும் சில்லறையாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் கேமிங் கண்ட்ரோல் போர்டு மாதாமாதம் கணக்கு வெளியிடுகிறது, ஒரு சென்ட் மெஷின் தனியாக, ஒரு டாலர் மெஷின் தனியாக. பந்தயத்தில் அதிக சதவீதம் பிடித்துக்கொள்வது ஒரு சென்ட் மெஷின்தான்.

ஜாக்பாட்டையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பல மெஷின்களை இணைத்து மேலே பெரிய எண் ஓடிக்கொண்டிருக்கும் வகை என்றால், அந்தப் பரிசும் ஆர்.டி.பி-க்குள் சேர்த்தே எண்ணப்பட்டிருக்கலாம். உதாரணத்துக்கு 90-இல் 2 சதவீதம் அந்தப் பெரிய ஜாக்பாட்டுக்குப் போகிறது என்று வையுங்கள். அது உங்களுக்கு விழாத வரை நீங்கள் உண்மையில் ஆடுவது 88 சதவீத மெஷினில், விலை மணிக்கு 72 டாலர். விழுகிற ஒருவருக்காக மற்ற எல்லோரும் மணிக்கு 12 டாலர் கூடுதலாகக் கட்டுகிறார்கள்.

பிடித்தம் மட்டுமே விலையைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு ரூலெட் மேசை நல்ல சாட்சி. ஒற்றைப் பூஜ்யம் உள்ள மேசையில் பிடித்தம் 2.7 சதவீதம். டீலர் பந்து உருட்டி, சிப் அள்ளி, பணம் கொடுத்து முடிக்க மணிக்கு 35 சுற்றுதான் போகிறது என்று வைப்போம். சுற்றுக்கு 10 டாலர் வைத்தாலும் டர்ன்ஓவர் 350 டாலர், விலை ஒன்பதரை டாலர். 10 டாலர் மேசையில் நிற்கிறவரைவிட ஒரு சென்ட் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் மணிக்கு ஆறு மடங்குக்கு மேல் செலவழிக்கிறார்.

அதே 2.7 சதவீத ரூலெட்டை மெஷினில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை பிரிட்டன் பார்த்தது. அங்கே பந்தயக் கடைகளில் இருந்த ரூலெட் டெர்மினல்களில் 20 விநாடிக்கு ஒருமுறை, ஒரு சுற்றுக்கு 100 பவுண்டு வரை வைக்கலாம். மணிக்கு 180 சுற்று, 18,000 பவுண்டு டர்ன்ஓவர், விலை 486 பவுண்டு. 2019 ஏப்ரல் 1 முதல் அதிகபட்சப் பந்தயத்தை 2 பவுண்டாகக் குறைத்தார்கள். பிடித்தத்தைத் தொடவே இல்லை, உச்ச விலை 10 பவுண்டுக்கும் கீழே வந்தது.

ஆன்லைன் ஸ்லாட்டில் 96 சதவீதம் என்று போட்டிருப்பதைப் பார்த்து மலிவு என்று நினைக்கிறவர்கள் உண்டு. பிரிட்டனில் 2021 அக்டோபர் முதல் ஒரு சுற்றுக்குக் குறைந்தது இரண்டரை விநாடி என்று விதி. அதையே முழு வேகத்தில் ஆடினால் மணிக்கு 1,440 சுற்று. சுற்றுக்கு 1 பவுண்டு, பிடித்தம் 4 சதவீதம் என்றால் விலை 57 பவுண்டு 60 பென்ஸ். 10 சதவீதம் பிடிக்கும் உங்கள் கிளப் மெஷினின் 60 டாலரை எண்ணளவில் தொட்டுவிட்டது. பிடித்தத்தில் குறைந்ததை வேகம் ஈடுகட்டிவிட்டது. அதே விதிகளில், அமுக்காமலே தானாகச் சுற்றவிடும் ஆட்டோபிளேயையும் நிறுத்தினார்கள். 1 பவுண்டு வைத்து 30 பென்ஸ் வந்தால் அதை வெற்றிபோல இசை போட்டுக் கொண்டாடுவதையும் தடுத்தார்கள். அந்த இசை சும்மா இல்லை. 70 பென்ஸ் போன சுற்றை ஜெயித்த சுற்றாக ஞாபகத்தில் பதியவைப்பது அதுதான்.

விக்டோரியாவிலும் வேகத்தில் கைவைக்கிறார்கள். பழைய மெஷின்களில் ஒரு சுற்று குறைந்தபட்சம் 2.14 விநாடி. புதிய மெஷின்களில் அது 3 விநாடி ஆகும் என்று 2023-இல் மாநில அரசு அறிவித்தது. உச்ச வேகத்தில் பார்த்தால் மணிக்கு 1,682-இலிருந்து 1,200-ஆகக் குறைவு, நல்ல வெட்டுதான். ஆனால் உங்களுக்கு அவ்வளவு மிச்சமாகாது. உங்கள் ஆறு விநாடியில் சக்கரம் சுற்றுவது 2.14 விநாடி, மீதி உங்கள் சொந்த நேரம் என்று வைத்தால், புதிய மெஷினில் அது 6.86 விநாடி ஆகும். மணிக்கு 525 அமுக்கல், விலை 60-இலிருந்து 52.50. நிதானமாக ஆடுகிறவருக்கு எட்டில் ஒரு பங்குதான் குறைகிறது. கண்ணை எடுக்காமல் அமுக்குகிறவருக்குத்தான் முழு வெட்டும் விழும். அவரைக் குறிவைத்துத்தான் விதியும். மாநில எல்லையெல்லாம் தாண்டி ஆஸ்திரேலியாவின் உற்பத்தித்திறன் ஆணையம் 2010-இலேயே ஒரு அமுக்கலுக்கு 1 டாலர் என்று உச்சவரம்பு வைக்கச் சொன்னது, மணிக்கு 120 டாலர் சராசரி நஷ்டம் என்ற கணக்கில். மூன்று விநாடி சுற்று, 1,200 அமுக்கல், 10 சதவீதம்: அதே பெருக்கல்தான்.

இனி உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். மெஷின் 90 சதவீதம் என்று சொல்லிவிட்டு 85 கொடுத்தால் உங்களால் கண்டுபிடிக்க முடியுமா? ஒரு மாலையில் முடியாது. சராசரி 60 டாலர் என்பது வேறு, இன்றைக்கு நடப்பது வேறு. ஒரு அமுக்கலின் ஏற்ற இறக்கம் பந்தயத்தைப் போல ஆறு மடங்கு என்று வைப்போம்; இது மெஷினுக்கு மெஷின் மாறும். 600 அமுக்கலில் அது ஏறக்குறைய 147 டாலராகத் திரளும். அதாவது 60 டாலர் நஷ்டம் என்பதற்கு மேலும் கீழும் 147 டாலர் ஊசலாட்டம். அதனால்தான் சில நாள் ஜெயித்துக்கொண்டு வருகிறீர்கள். 85-ஐயும் 90-ஐயும் ஓரளவு நம்பிக்கையோடு பிரித்துச் சொல்ல 57,000 அமுக்கலுக்கு மேல் குறித்துவைக்க வேண்டும். ஒரே மெஷினில் சுமார் 96 மணி நேரம். அந்த வேலையை நீங்கள் செய்வதற்குள் சராசரியாக 5,700 டாலர் போயிருக்கும்.

ஊசலாட்டம் இருபுறமும் சமமாகவும் இருப்பதில்லை. எப்போதாவது ஒருவருக்கு விழும் பெரிய பரிசு அவரை நாலைந்து மணி நேரம் உட்காரவைக்கும். 1 மணி 40 நிமிடம் என்ற சராசரியை மேலே இழுப்பது அவர்கள்தான். பெரிய பரிசு எதுவும் விழாத பெரும்பாலோருக்குக் காசு அதற்கு முன்பே தீர்ந்துவிடும். ஒன்றரை மணி நேரத்தில் காலியானது 90 சதவீத மெஷினில் சாதாரணமாக நடக்கிற விஷயம். இன்னும் சீக்கிரம் தீர்ந்திருந்தாலும் அதை வைத்து மெஷினைக் குற்றம் சொல்ல முடியாது.

உங்கள் எண்ணை நீங்களே எடுத்துப் பாருங்கள். போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு ஐந்து நிமிடத்தில் எத்தனை அமுக்கல் என்று எண்ணி, 12-ஆல் பெருக்குங்கள். உடனே ஆரம்பித்த முதல் ஐந்து நிமிடம் வேண்டாம், அப்போது எல்லோருமே மெதுவாகத்தான் ஆடுவார்கள். அரை மணி நேரம் கழித்து எண்ணுங்கள். பந்தயத்தைத் திரையின் மூலையில் பாருங்கள். சதவீதம் மெஷினின் தகவல் திரையில் இருக்கிறது.

100 டாலரில் மூன்று மணி நேரம் உட்கார வேண்டும் என்றால் 1,800 அமுக்கல் வேண்டும். 1,000 டாலர் டர்ன்ஓவரை 1,800-ஆல் வகுத்தால் அமுக்கலுக்கு 55 சென்ட் வருகிறது. ஆனால் அது சராசரிக் கணக்கு; மேலே சொன்ன ஊசலாட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட நாட்கள் மூன்று மணிக்கு முன்பே எழுந்துவிடுவீர்கள். 25 சென்ட் என்று வைத்தால் டர்ன்ஓவர் 450, சராசரி நஷ்டம் 45, பெரும்பாலான நாட்களில் மூன்று மணி நேரம் தாங்கும். 50 லைனும் கட்டாயம் என்று வைத்திருக்கும் மெஷினில் 25 சென்டுக்கு ஆட முடியாது. அங்கே குறைந்தபட்சமே 50 சென்ட். 25 லைன் மெஷினாகப் பார்த்து உட்காருங்கள்.